அடியில் திரும்பிவருவது

திரும்பத் திரும்ப வருவது அலுப்பூட்டும் என்பது நம் விமர்சகர்களுக்குள்ள மூடநம்பிக்கைகளில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசைக்காரர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். நாலைந்து சுரங்களை அடிக்குரலில் மாற்றாமல் ஓடவிட்டு, அதன்மேல் மாறிக்கொண்டே போனார்கள். கிரவுண்ட் பேஸ் என்று ஆங்கிலத்தில் பெயர்.

பிறப்பு ஒன்றும் உயர்ந்ததல்ல. ‘பாஸகாலியா’ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மூலத்தில் தெருவில் நடப்பது என்று பொருள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கித்தார்க்காரர்கள் வாசித்து நிரப்பிய துண்டு அது. ‘ஷகோன்’ ஆபாசம் என்று பழிக்கப்பட்ட ஒரு நாட்டியம். (தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் போகும் காவடிக்கூட்டத்தில் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி வாசித்து நடக்கவைக்கும் தவில்காரரைத் திண்டுக்கல் வாசிகளுக்குத் தெரியும். காலுக்காகப் பிறந்த வடிவம் என்ற அளவில் உறவு உண்டு.) இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பின்னால் வந்த சாஸ்திரக்காரர்கள் ஒருவருக்கொருவர் முரணாக எழுதினார்கள். இசையமைத்தவர்களோ பெயர்களை இஷ்டப்படி மாற்றிப் போட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

கித்தார்த் துண்டு துயரத்தின் குரலானது இத்தாலியில். 1638இல் மாண்டெவெர்டி வெளியிட்ட தொகுப்பில், காதலனால் கைவிடப்பட்ட பெண்ணின் புலம்பல் ஒன்று இருக்கிறது. அடியில் இறங்கும் நான்கு சுரங்கள், முப்பத்துநான்கு முறை. பாடுகிறவள் கையசைக்கும் தாளத்துக்கு அல்ல, மனதின் தாளத்துக்குப் பாடவேண்டும் என்று அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். இந்த வடிவத்தின் ரகசியம் அந்தக் குறிப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேஸ் ஒரு காலத்தில் நடக்கிறது. குரல் வேறொரு காலத்தில்.

இது முழுமையாகக் கைகூடியது பர்ஸல் என்ற ஆங்கிலேயரிடம். 1689க்குள் லண்டனை அடுத்த செல்ஸியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவருடைய ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ நடிக்கப்பட்டது. முடிவில், சாவதற்கு முன் ராணி டைடோ பாடுகிறாள். அதன் பேஸை நம் சுர முறையில் எழுதிப் பார்க்கலாம். மேல் ஸட்ஜத்திலிருந்து காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று ஒரு ஸ்தானம்கூட விடாமல் இறங்குகிறது. இரண்டு நிஷாதமும் இரண்டு தைவதமும் இப்படி அடுத்தடுத்து வர நம் மேளகர்த்தாக்களில் இடமே கிடையாது. பஞ்சமத்தைத் தொட்டபின் சில சுரங்களில் ஸட்ஜத்தில் விழுந்து சுற்று முடிகிறது.

சுற்றின் நீளம் ஐந்து கூறு. காது நான்கை எதிர்பார்த்துப் பழகியது. ஐந்து என்பதால் திரும்பும் இடம் எப்போதும் கொஞ்சம் தள்ளியே வருகிறது. மொத்தம் பதினோரு சுற்று. முதலாவதில் பேஸ் தனியே. அடுத்து, பாட்டின் முற்பகுதி இரண்டு சுற்றில் பாடப்பட்டு அப்படியே மீண்டும் ஒருமுறை, பிற்பகுதியும் அதேபோல. கடைசி இரண்டில் குரல் இல்லை, வாத்தியங்கள் மட்டும்.

கவனிக்கவேண்டியது மூட்டுவாய்களை. பேஸ் முடியும் இடத்திலேயே குரலின் வாக்கியமும் முடிந்தால், சுற்றுக்கள் அடுக்கிவைத்த செங்கல்களாகிவிடும். பர்ஸல் வேண்டுமென்றே தவறவிடுகிறார். பேஸ் முடிவைத் தொடும்போது குரல் வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது. குரல் ஓயும்போது பேஸ் மீண்டும் இறங்க ஆரம்பித்துவிட்டது. தன்னை நினைவில் வைக்கும்படி கேட்கும் பிற்பகுதியில் குரல் பஞ்சமத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அங்கே அசைவே இல்லை. ஆனால் கீழே பேஸ் நகர்வதால் அசையாத பஞ்சமத்தின் உறவு மாறுகிறது: கீழே ஸட்ஜம் இருந்தால் அது இணங்கும், சதுஸ்ருதி தைவதம் வந்தால் உரசும். தம்புராவின் நிலைத்த ஸட்ஜத்தில் பழகிய காதுக்கு இது முதலில் பிடிபடாது. நம்மிடம் சுரம் நகரும், ஆதாரம் நிற்கும். இங்கே ஆதாரமே நகர்கிறது, சுரம் நின்றபடியே வேறாகிறது. பின்பு அதே வேண்டுகோள் மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போது, அவ்வளவு நேரம் நின்றதன் கனம் அந்த ஒரு தாவலில் சேர்ந்துவிடுகிறது.

நிரவலோடு ஒப்பிடத் தோன்றும். நிரவலில் சாகித்தியமும் தாளத்தில் அதன் இடமும் நிலை, சுரங்கள் மாறும். பாடகர் அந்தக் கணத்தில் உண்டாக்குகிறார், எத்தனை சுற்று என்பதும் அவர் கையில். பர்ஸலிடம் எல்லாம் எழுதப்பட்டது. பதினொன்றுக்குப் பன்னிரண்டு வாசிக்க முடியாது.

மோசமான இசைத்தட்டுகளை அடையாளம் காண்பது சுலபம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வாத்தியக்காரர்கள் மரியாதையாக மூச்சுவிட்டு நிதானிப்பார்கள். சுற்றுக்களை விரல்விட்டு எண்ண முடிந்தால் பாட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தம். சரியாக வாசித்ததில் மூன்றாவது நான்காவதிலேயே கணக்கு தப்பிப்போகும்.

1720 கையெழுத்துப்பிரதியில் உள்ள பாக்கின் ஷகோன் இதன் மறு எல்லை. ஒற்றை வயலினில் பேஸுக்குத் தனி ஆள் கிடையாது. சிலசமயம் அது வாசிக்கப்படாமலே உணரப்படுகிறது. பர்ஸலும் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார். டைடோவின் குரல் நின்றபிறகு வரும் கடைசிச் சுற்றுக்களில், அதுவரை அடியில் கிடந்த அந்த ஸ்தானம் ஸ்தானமான இறக்கம் மேலே வயலின்களுக்கு வந்துவிடுகிறது.