போர்க்குற்றமும் தனிமனிதப் பொறுப்பும்

போர்க்குற்றம் புரிந்த ஆளே பன்னாட்டுச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும் என்ற கோட்பாடு, இரண்டு உலகப் போர்களுக்கும் பின் நடந்த வழக்குகளில் உருவானது. அதுவரை பன்னாட்டுச் சட்டம் பெரும்பாலும் அரசுகளையே கட்டுப்படுத்தியது. தோற்ற நாடு இழப்பீடு கட்டியதும் கணக்கு முடிந்தது.

1919இன் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியத்தை விசாரிக்கச் சொன்னது. அவர் தஞ்சம் புகுந்த நெதர்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது. மற்றவர்களில் சிலரை 1921இல் ஜெர்மனியே லைப்சிக் நகரில் விசாரித்தது. டோவர் காசில் என்ற பிரிட்டிஷ் மருத்துவமனைக் கப்பலை மூழ்கடித்த நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், மேலிடத்து உத்தரவைக் காட்டி விடுதலையானார். லாண்டவரி காசில் என்ற இன்னொரு மருத்துவமனைக் கப்பலின் வழக்கு வேறு விதமாக முடிந்தது. 1918 ஜூனில் அந்தக் கப்பல் மூழ்கிய பின், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்கள் மீதும் குண்டுகள் வீசப்பட்டன. உத்தரவிட்ட தலைவர் நீதிமன்றத்தின் கைக்கு எட்டவில்லை. அவருக்குக் கீழிருந்த இரண்டு அதிகாரிகளிடம், கதியற்றவர்களைச் சுடுவது குற்றம் என்பது யாருக்கும் தெரியும், அதற்கு உத்தரவு கேடயமாகாது என்றது நீதிமன்றம். ஆளுக்கு நான்காண்டுச் சிறை கிடைத்தது. சில மாதங்களிலேயே இருவரும் சிறையிலிருந்து தப்பிவிட்டனர். தண்டனை பயனற்றுப் போனாலும் தீர்ப்பின் அளவுகோல் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 ஆகஸ்ட் 8இல் நேச நாடுகள் லண்டனில் கையெழுத்திட்ட சாசனம் இன்னும் கடுமையாக இருந்தது. அரசுத் தலைவர் என்ற பதவி யாரையும் காப்பாற்றாது என்றது அதன் 7ஆம் பிரிவு. 8ஆம் பிரிவின்படி, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிரக் குற்றத்தை நீக்காது.

இதன்படி நியூரம்பெர்க்கில் விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜெர்மன் படைகளின் உயர் தலைமையகத்தை நடத்திய வில்ஹெல்ம் கைட்டல். ஹிட்லரின் கட்டளைகளைக் கீழே அனுப்பிய படைவீரன்தான் தான் என்பது அவர் வாதம். ஆனால் ஒரு காகிதம் அதற்கு எதிராக நின்றது. சோவியத் போர்க்கைதிகளை நடத்தும் விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று உளவுத்துறைத் தலைவர் கனாரிஸ் 1941 செப்டம்பரில் எழுதிய குறிப்பு அது. இந்த ஆட்சேபங்கள் பழைய வீரமரபிலிருந்து எழுபவை, இங்கே நடப்பதோ ஒரு சித்தாந்தத்தை அழிக்கும் போர், ஆகவே நடவடிக்கைகளை ஆதரிக்கிறேன் என்று அதிலேயே கைட்டல் தன் கையால் எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்துக்கு முன் அஞ்சல்காரன் வாதம் நிற்க முடியாது. வேறு வழியைத் தேர்ந்தெடுக்க அந்த மனிதருக்கு உண்மையில் இடமிருந்ததா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். 1946 அக்டோபர் 16இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

குறை இல்லாமலில்லை. வென்றவர்களின் செயல்கள் விசாரணைக்கே வரவில்லை. டோக்கியோ நீதிமன்றத்தில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால், ஆக்கிரமிப்புப் போரைப் பின்னால் எழுதிய சட்டத்தால் குற்றமாக்க முடியாது என வாதிட்டு, குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்கச் சொன்னார். அந்த எதிர்ப்பு இன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல.

1950இல் ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் நியூரம்பெர்க் கோட்பாடுகளை வகுத்தது. 1998இன் ரோம் சட்டமோ சற்றுப் பின்வாங்கியது: கீழ்ப்படியச் சட்டக் கடமை இருந்து, உத்தரவு சட்டவிரோதம் என்று அறியாமலும், அது வெளிப்படையாகச் சட்டவிரோதமாக இல்லாமலும் இருந்தால், போர்க்குற்ற வழக்கில் உத்தரவைச் சொல்லித் தப்பலாம். இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் அந்த வாசல் கிடையாது.