ஆப் குளோனிங்

ஒரே போனில் ஒரே விளையாட்டை இரண்டு கணக்குகளில் ஆடுவதற்காக அந்த ஆப்பை இரட்டிப்பாக்கும் முறை ஆப் குளோனிங். ஷாவ்மி 2016-இல் எம்ஐயுஐ 8-உடன் தந்த ‘டூயல் ஆப்ஸ்’ வசதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்தான் குளோன், ஆப்பை அங்கே யாரும் படியெடுப்பதில்லை. போனுக்குள் 999 என்ற எண்ணில் இன்னொரு பயனர் மறைவாக உருவாக்கப்படுகிறார். ஏற்கெனவே நிறுவிய அதே ஆப் அவருக்கும் திறந்துவிடப்படுகிறது. தரவு மட்டும் தனி. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்றால் முதல் கிராமத்தின் தரவு `/data/user/0/com.supercell.clashofclans` அடைவில் இருக்கும். இரண்டாவதற்கு அதே பாதையில் 0-க்குப் பதில் 999. (சூப்பர்செல் ஐடி வழியாகவே கணக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இந்த விளையாட்டுக்குக் குளோன் தேவையே இல்லை என்பது வேறு கதை.) போனைக் கணினியில் இணைத்தால் அந்த மறைவுப் பயனரைப் பார்க்கலாம்:

```
adb shell pm list users
adb shell pm list packages --user 999
```

ஆண்ட்ராய்டு 4.2 முதல் ஆண்ட்ராய்டு ஐடியும் பயனருக்குப் பயனர் வேறுபடுகிறது. அதனால் குளோனைத் திறந்ததும் புதுப் போனில் நுழைந்ததுபோல் விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும்.

சிக்கல் பெரும்பாலும் லாகினில் வருகிறது. பிரவுசர் வழியாக நுழையும் விளையாட்டில், குளோன் திறக்கும் பிரவுசர் முதல் பயனருடையதாக இருக்கலாம். கடவுச்சொல் சரியாக இருந்தும், திரும்பி வரும்போது மூல ஆப் திறந்துகொள்ளும். குளோன் லாகின் திரையிலேயே நிற்கும். எந்த ஆப்புக்குத் திரும்ப வேண்டும் என்று சில போன்கள் கேட்கும். கேட்காவிட்டால், பிரவுசருக்குப் போகாத வேறு லாகின் முறையைத் தேட வேண்டியதுதான்.

ஆப்பையே பிரித்துப் பெயர் மாற்றிக் கட்டும் குளோனர்களில் பழுது இன்னும் ஆழமானது. ஆப்பின் பெயரோடு அதன் கையொப்பமும் மாறிவிடுகிறது. கூகுள் லாகின் இவ்விரண்டையும் வைத்தே ஆப்பை அடையாளம் காண்பதால் அது நடக்காது. ஆப்புக்குள் பொருள் வாங்குவதும் நின்றுவிடும். பிளே இன்டெக்ரிட்டி சோதனை `UNRECOGNIZED_VERSION` என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்கும் விளையாட்டு கதவை மூடலாம். கணக்கைத் தடைசெய்வதும் உண்டு.

மூலத்தையும் குளோனையும் ஒரே நேரத்தில் ஆடலாம் என்பது பாதி உண்மை. பின்னணிக்குப் போன விளையாட்டு பெரும்பாலும் உறைந்துவிடும். சர்வர் தொடர்பும் சற்று நேரத்தில் அறுந்துபோகும். நினைவகம் குறைந்தால் ஆண்ட்ராய்டே அதை மூடிவிடும். திரும்பி வரும்போது விட்ட இடம் தெரியாமல் லோடிங் திரை முதலிலிருந்து வந்தால், நடந்தது இதுதான்.

மீட்க முடியாத இழப்பு கெஸ்ட் கணக்கில் நேர்கிறது. அதன் சாவி 999-இன் அடைவில் மட்டும் இருந்தால், டூயல் ஆப்ஸை அணைக்கும் நொடியில் அதுவும் அழிந்துவிடும். மூல ஆப் அப்படியே இருப்பதால் எதையோ இழந்தோம் என்று உடனே தெரியாது.