காபாபென்டினும் பிரிகாபலினும்

காபாபென்டின், பிரிகாபலின் ஆகிய இரண்டும் நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் மருந்துகள். நீரிழிவால் கால் எரிதல், அக்கி ஆறிய பிறகும் நீடிக்கும் வலி ஆகியவற்றுக்கு உலகெங்கும் இவற்றை எழுதுகிறார்கள். இரண்டும் வேதியமைப்பில் நெருங்கிய உறவுள்ளவை. உடலுக்குள் அவை நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு பண்பு பொதுவாக இருக்கிறது. கல்லீரல் இவற்றை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. உள்ளே போன மருந்து அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. இவற்றின் வரலாற்றில் நடந்த நன்மையிலும் தீமையிலும் பெரும்பகுதி இந்தப் பண்போடு பிணைந்தது.

காபாபென்டின் 1970-களில் ஜெர்மனியில், பார்க்-டேவிஸ் நிறுவனத்தின் தாய் நிறுவனமான வார்னர்-லாம்பெர்ட்டைச் சேர்ந்த கோடெக்கே ஆய்வகத்தில் உருவானது. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற பொருள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அதைக் கொழுப்பில் கரையும் வடிவில் மாற்றி உள்ளே அனுப்பலாம் என்று வேதியியலாளர் கெர்ஹார்ட் சாட்சிங்கரின் குழு நினைத்தது. மருந்து மூளைக்குள் போனது, வலிப்பையும் குறைத்தது. ஆனால் காபாவின் வேலையை அது செய்யவில்லை. அது எதில் ஒட்டுகிறது என்பது 1996-இல்தான் தெரிந்தது: நரம்பு நுனிகளில் கால்சியம் நுழையும் வாயிலோடு சேர்ந்திருக்கும் ஆல்ஃபா-2-டெல்ட்டா என்ற புரதத்தில். அங்கே மருந்து ஒட்டியதும் கால்சியம் நுழைவது குறைகிறது. வலிச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் வெளியேறுவதும் குறைகிறது. காயமடைந்த நரம்பில் இந்தப் புரதம் கூடுதலாக உருவாகிறது. நரம்பு வலியில் இம்மருந்து உதவுவதற்கும், சாதாரண மூட்டு வலியில் அவ்வளவாக உதவாததற்கும் இதுவே பெரும் காரணம்.

பிரிகாபலினின் பிறப்பும் இதே போன்றதுதான். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன், மூளையில் காபா தயாராவதைக் கூட்டும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் ரிஷார்ட் அந்த்ருஷ்கேவிச் 1980-களின் இறுதியில் தயாரித்த சேர்மங்களுள் ஒன்று விலங்குகளின் வலிப்பை வலுவாகத் தடுத்தது. அதுவும் காபாவின் உற்பத்தியைக் கூட்டி வேலை செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதே ஆல்ஃபா-2-டெல்ட்டாவில்தான் ஒட்டியது. இரண்டு ஆய்வகங்கள் இரண்டு தவறான ஊகங்களோடு புறப்பட்டு ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஊகம் தவறினாலும் விளைவைப் பொறுமையாக அளந்து பார்த்ததால்தான் இரண்டு மருந்துகளும் தப்பின.

1993 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு காபாபென்டினை வலிப்பு நோய்க்கு, அதுவும் துணை மருந்தாக மட்டும், அனுமதித்தது. அதன் சந்தை சிறியது. பார்க்-டேவிஸ் அதோடு நிற்கவில்லை. நரம்பு வலி, மனநிலைக் கோளாறு, ஒற்றைத் தலைவலி என்று அனுமதி இல்லாத பயன்களுக்கும் மருத்துவர்களிடம் மருந்தைப் பரப்பியது. அந்த நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிய உயிரியலாளர் டேவிட் ஃபிராங்க்ளின் 1996-இல் வழக்குத் தொடுத்தார். 2004-இல் வார்னர்-லாம்பெர்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. அதற்குள் அந்த நிறுவனம் ஃபைசரின் கைக்குப் போயிருந்தது.

இடையில் உண்மையான சான்றும் வந்தது. 1998-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், நீரிழிவு நரம்பு வலியிலும் அக்கிக்குப் பிந்தைய வலியிலும் காபாபென்டின் பயன் தருவதைக் காட்டின. 2002-இல் அக்கி வலிக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது. பிரிகாபலின் 2004-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பயனின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். காபாபென்டினைப் போதிய அளவில் எடுக்கும் 10 பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்கு வலி பாதிக்குப் பாதி குறைகிறது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறத்தாழ இரண்டு பேருக்கு அப்படிக் குறைகிறது. சிலருக்கு இது வாழ்க்கையையே மீட்டுத் தரும் மருந்து, பலருக்கு ஒன்றும் செய்யாத மருந்து. சில வாரங்களில் பலன் தெரியாவிட்டால் அதை நிறுத்துவதே நேர்மையான மருத்துவம். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்குப் பிரிகாபலின் பயன்படவில்லை என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் அந்த வலிக்கு அது இன்றும் தாராளமாக எழுதப்படுகிறது.

வலியைக் குறைக்கும் அதே செயல் மூளையின் மற்ற பகுதிகளிலும் நடப்பதால் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் வருகின்றன. பிரிகாபலின் ஆய்வுகளில் 100-இல் 30 பேருக்குத் தலைச்சுற்றல் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 பேருக்கு. மருந்தைத் தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டும்போதும் இது அதிகம். வயதானவர் இரவில் கழிவறைக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அதனால் இரவுப் படுக்கையில் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே நல்ல வழக்கம்.

வீக்கம் வேறு கதை. கணுக்காலும் பாதமும் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். மருந்தால் மட்டும் வரும் இந்த வீக்கத்தில் இதயமும் சிறுநீரகமும் கெட்டுப்போவதில்லை. ஆனாலும் நீரிழிவுக்காரர் பலர் பயோக்ளிட்டசோனும் எடுக்கிறார்கள், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் எடுக்கிறார்கள். மூன்றும் தனித்தனியே காலை வீங்கவைக்கும் மருந்துகள். பயோக்ளிட்டசோன் வகையும் பிரிகாபலினும் சேர்ந்தபோது ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வந்தது. வீக்கத்தைப் பார்த்ததும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்துவிடுவது எளிது. அதனால் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்தால், வீக்கத்துக்குக் காரணமான மருந்தே இரத்தத்தில் இன்னும் தேங்கும். புதிதாக மூச்சு வாங்கல் இருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் வந்த வீக்கமானால், முதலில் மருந்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தின் பங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். 70 வயது, 50 கிலோ எடை, நீரிழிவு உள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் கிரியேட்டினின் 1.6. ‘கொஞ்சம் கூடுதல்தான்’ என்று தோன்றும் எண் இது. மருந்தளவை முடிவு செய்யப் பயன்படும் காக்ராஃப்ட்-கால்ட் வாய்பாட்டில், 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கினால் 3500. அதை 72-ஐ 1.6-ஆல் பெருக்கிய எண்ணால் வகுத்தால் 30-க்குச் சற்று மேல் வரும். பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 26 மில்லிலிட்டர். சிறுநீரகம் நலமாக உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 90-க்கு மேல் இருக்கும் அளவு இது.

கால் எரிகிறது என்று வரும் அவருக்குப் பிரிகாபலின் 75 மி.கி. காலையும் இரவும் எழுதப்படுகிறது. நலமுள்ளவருக்கு இது தொடக்க அளவு. ஆனால் மருந்தின் அதிகாரபூர்வ அட்டவணைப்படி, 15-க்கும் 30-க்கும் இடையே உள்ளவருக்கு நாளொன்றுக்கு 150 மி.கி. என்பதே உச்ச வரம்பு; நலமுள்ளவர் 600 மி.கி. எடுப்பதற்கு அது ஈடு. அதாவது இந்தப் பெண்மணி முதல் நாளிலேயே உச்ச அளவில் தொடங்குகிறார். அவருக்குத் தொடக்கம் 25 மி.கி., அதிகம் போனால் 50 மி.கி. காபாபென்டின் 300 மி.கி. மூன்று வேளை எழுதியிருந்தாலும் தவறுதான். இந்த நிலையில் அது நாளுக்கு ஒரு வேளை 200 முதல் 700 மி.கி. வரை மட்டுமே. சிறுநீரகம் நலமாக இருந்தால் ஐந்து முதல் ஏழு மணி நேரத்தில் காபாபென்டினின் பாதி வெளியேறிவிடும். 30-க்குக் கீழே உள்ளவருக்கு அதற்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். சிறுநீரே வராதவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நாட்களில், ஐந்து நாளுக்கு மேல்.

மருந்து தேங்குவதை வீட்டார் அடையாளம் காணலாம். பகலில் எழுப்பினாலும் கண் மூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, பெயர் மறப்பது. கையிலோ காலிலோ திடீர் திடீரென்று துள்ளல் வருவது மிக முக்கியமான குறி. ‘வயதாகிவிட்டது’ என்றும் ‘பக்கவாதமோ’ என்றும் நினைத்து இதைத் தவறவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. டயாலிசிஸ் இரு மருந்துகளையும் நன்றாக வெளியேற்றும். நான்கு மணி நேர டயாலிசிஸில் இரத்தத்திலுள்ள பிரிகாபலின் ஏறத்தாழ பாதியாகும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு அது முடிந்த பிறகு ஒரு கூடுதல் வேளை கொடுக்கப்படுகிறது. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெத்தில்கோபாலமின், நார்ட்ரிப்டிலின் போன்றவற்றோடு கலந்த கூட்டு மாத்திரைகள் பல பெயர்களில் விற்கின்றன. எலும்பு மருத்துவர் ஒன்று, சர்க்கரை மருத்துவர் ஒன்று என்று எழுதும்போது பிரிகாபலினும் காபாபென்டினும் ஒரே ஆளுக்குள் சேர்ந்துவிடுகின்றன. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிப்பது மட்டுமே இதைப் பிடிக்கும் வழி.

தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்தது. பிரிகாபலின் ஆய்வுகளில் 100-இல் நான்கு பேர் வழக்கத்துக்கு மாறான மகிழ்ச்சிக் கிளர்ச்சியைச் சொன்னார்கள். அதனால் அமெரிக்கா 2005-இலேயே அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. காபாபென்டினுக்குக் குடலில் உறிஞ்சும் வழி நிரம்பிவிடுவதால், அளவு கூடக்கூட உடலுக்குள் போகும் விகிதம் குறையும். நாளுக்கு 900 மி.கி. எடுத்தால் 60 விழுக்காடு போகும். 3600 எடுத்தால் 33 விழுக்காடுதான். பிரிகாபலினுக்கு அந்தத் தடை இல்லை. 90 விழுக்காட்டுக்கு மேல், விரைவாகப் போய்ச் சேருகிறது. போதைக்குத் தேடுவோர் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். காபாபென்டினும் தப்பவில்லை. கென்டக்கி மாநிலம் 2017-இல் அதையும் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டன் 2019 ஏப்ரலில் இரண்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

தனியாக அளவு மீறினால் உயிர் போவது அரிது. மார்ஃபின், டிராமடால், டேப்பென்டடால் போன்றவற்றோடோ மதுவோடோ சேரும்போதுதான் மூச்சு அடங்குகிறது. மார்ஃபின் குடலை மெதுவாக்குவதால் காபாபென்டின் உள்ளே போவதும் கூடுகிறது. மார்ஃபின் வகையின் விளைவை மாற்ற நலாக்சோன் ஊசி உண்டு. இந்த இரண்டு மருந்துகளுக்கும் மாற்று மருந்து கிடையாது. 2019 டிசம்பரில் அமெரிக்க அமைப்பு மூச்சு பற்றிய எச்சரிக்கையை வெளியிட்டது. நுரையீரல் நோய் உள்ளவர்களையும் முதியவர்களையும் அது தனியே குறிப்பிட்டது. பஞ்சாபில் பல மாவட்ட நிர்வாகங்கள் 75 மி.கி.-க்கு மேற்பட்ட பிரிகாபலின் கேப்சூல்களின் விற்பனைக்குத் தடை போட்டன. இலங்கையில் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் கடத்தி வரப்பட்ட பிரிகாபலின் கேப்சூல்களைக் கடற்படை பலமுறை கைப்பற்றியிருக்கிறது.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, மருத்துவர் சொன்னபடி எடுத்துவரும் நோயாளி ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. தூக்கமின்மை, வியர்வை, பதற்றம் வரும். வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பே திரும்பலாம். குறைந்தது ஒரு வாரம், நெடுநாள் எடுத்தவருக்கு இன்னும் பல வாரங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.