கோயிலும் மார்க்கமும்: பாலசரஸ்வதியின் 1975 தலைமையுரை

பரதநாட்டியத்தை முதன்முறையாகக் காண வருபவருக்கு அதை எப்படி எடுத்துரைப்பது என்ற கேள்விக்குத் தமிழில் கிடைத்த விடைகளுள் முதன்மையானது, நடனக் கலைஞர் த. பாலசரஸ்வதி (மே 13, 1918 - பிப்ரவரி 9, 1984) 1975 டிசம்பரில் சென்னை தமிழ் இசைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய தலைமையுரை. ஒரு நாட்டிய நிகழ்ச்சியின் உருப்படிகள் வரும் வரிசையை அவர் அதில் கோயிலுக்குள் நடந்து செல்லும் வழியோடு ஒப்பிட்டார். தமிழில் ஆற்றப்பட்ட இவ்வுரையை எஸ். குஹன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அரங்கேற்ற விழாக்களில் அறிமுகம் செய்பவர்கள் இன்றும் இந்த ஒப்புமையைப் பயன்படுத்துகின்றனர். பெரும்பாலும் அது யாருடையது என்பது குறிப்பிடப்படுவதில்லை.

பின்னணி

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜியின் காலத்தை ஒட்டி வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் இன்றைய கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தினர் என்பது மரபு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, இறுதியில் விருத்தம் அல்லது சுலோகம் என்ற இந்த வரிசை ‘மார்க்கம்’ எனப்படுகிறது. பாலசரஸ்வதியின் ஆசிரியர் கந்தப்பா பிள்ளை தஞ்சை நால்வரின் வழிவந்தவர். பாலசரஸ்வதியின் பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அவரது அரங்கேற்றம் நிகழ்ந்தது.

அக்காலத்தில் இந்தக் கலை சதிர் என்றே அழைக்கப்பட்டது. அதைப் புதிய அவையினருக்கு அறிமுகம் செய்யும் வேலை 1930-களின் தொடக்கத்தில் ஒரு பொது வழக்காகவே ஆனது. வழக்கறிஞரும் மெட்ராஸ் மியூசிக் அகாதெமியின் செயலாளர்களுள் ஒருவருமான இ. கிருஷ்ண ஐயர், 1931 மார்ச் 15 அன்று கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகிய இருவரின் நடனத்தை அகாதெமி மேடையில் ஏற்பாடு செய்தார். மிகச் சிலரே பார்க்க வந்தனர். 1932 டிசம்பரில், சென்னை மாகாண முதலமைச்சராகியிருந்த பொப்பிலி அரசருக்கான வரவேற்பில் சதிர் இடம்பெற்றதை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நாளிதழ்களில் கண்டித்து எழுதினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர். கலையையும் அந்த முறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார். 1933 ஜனவரி 1 அன்று அதே சகோதரிகள் மீண்டும் ஆடியபோது அரங்கம் நிறைந்தது. அவ்வாண்டிலேயே பாலசரஸ்வதியும் அகாதெமியில் ஆடினார்.

அந்த விவாதத்தில் எஞ்சிய கேள்வி ஒன்று உண்டு. கலையைக் காப்பாற்றலாம், ஆனால் அதிலுள்ள சிருங்காரத்தை, குறிப்பாகப் பதங்களில் வரும் காதல் உணர்ச்சியை, என்ன செய்வது? அதைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்த வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பதங்களைத் தம் குடும்பச் சொத்தாகப் பெற்றிருந்த பாலசரஸ்வதி அதை ஏற்கவில்லை. 1975 உரையை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

உரையின் ஒப்புமை

பாலசரஸ்வதியின் விளக்கத்தில் அலாரிப்பு கோபுர வாயில். ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் பெருமண்டபம். வர்ணத்தில் ரசிகர் தெய்வத்தின் சன்னிதிக்கு வந்துவிடுகிறார். பதம் கருவறை. தில்லானா கற்பூர ஆரத்தி. இறுதி விருத்தம், வெளியே கண்ட தெய்வத்தை மனத்துக்குள் எடுத்துக்கொள்ளும் கணம். கோயிற்கட்டடக் கலையில் அர்த்தமண்டபம் கருவறையை ஒட்டியே அமையும். பாலசரஸ்வதி அதைப் பாதிவழி மண்டபம் என்ற பொருளில் முன்னதாக வைத்திருப்பதாகக் கொள்ளலாம்.

இந்த ஒப்புமை எவ்வளவு நேரடியானது என்பதை ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலைக் கொண்டு எளிதில் காணலாம். பாம்பனைக் கடந்து வரும் யாத்ரீகர் முதலில் அக்னி தீர்த்தமான கடலில் நீராடி, பின் கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் நனைந்து, அதன் பிறகே சன்னிதிக்குச் செல்கிறார். சேதுபதி மன்னர்கள் கட்டிய மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே கண் விரிகிறது, கால் நடக்கிறது, பேச்சும் கூட்டமும் இருக்கின்றன. உள்ளே செல்லச் செல்ல இடம் குறுகுகிறது, வெளிச்சம் குறைகிறது, ஓசை அடங்குகிறது. கடைசியில் ஒரு விளக்கொளியில் ஒரே ஒரு உருவம் மட்டும் தெரிகிறது. மார்க்கத்தின் போக்கும் இதுதான். வெளியில் விரிவும் வேகமும், உள்ளே சுருக்கமும் அமைதியும்.

உருப்படிகள் வழியே

அலாரிப்பில் பாட்டு இல்லை. நட்டுவனார் சொல்லும் சொற்கட்டும் மிருதங்கமும் மட்டுமே உண்டு. ஆடுபவர் நிமிர்ந்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து, கண், கழுத்து, தோள் என்று உறுப்புகளை ஒவ்வொன்றாக அசைக்கத் தொடங்குகிறார். பின் அரைமண்டிக்கு இறங்கி முழு உடலையும் ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறார். சில நிமிடங்களே நீளும் இதற்குக் கதை எதுவும் இல்லை. புதிய பார்வையாளர் இங்கே பொருள் தேடத் தேவையில்லை. அரைமண்டி கடைசிவரை தளராமல் நிற்கிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

ஜதிஸ்வரத்தில் ராகம் சேர்கிறது. பாடகர் ஸ்வரங்களை மட்டும் பாடுகிறார், சாகித்தியம் கிடையாது. அடவுகளின் கோவைகள் அந்த ஸ்வரங்களின் மேல் அமைகின்றன. சப்தத்தில்தான் முதன்முறையாகச் சொல் வருகிறது, அதனுடன் அபிநயமும் வருகிறது. தாளம், பிறகு ராகம், பிறகு சொல் என்று ஒவ்வொரு படியிலும் ஒன்று மட்டும் கூடுகிறது. அறிமுக உரைகளில் மிகக் குறைவாகச் சொல்லப்படும் செய்தி இது. ஆனால் புதியவருக்கு மிகவும் பயன்படுவதும் இதுவே. பாடகரின் வாயிலிருந்து வருவது சொற்கட்டா, ஸ்வரமா, சாகித்தியமா என்று கேட்டாலே தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அவர் அறிந்துகொள்ளலாம்.

வர்ணத்தில் இதுவரை வந்த எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. அரை மணி நேரத்துக்கு மேலும் அது நீளக்கூடும். நாயகியோ தோழியோ சொல்லும் ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ‘அவரை அழைத்து வா’ என்பது அந்த வரியின் பொருள் என்று கொண்டால், ஆடுபவர் ஒருமுறை கெஞ்சலாம், ஒருமுறை கோபப்படலாம், ஒருமுறை வெட்கத்தால் பாதியில் நிறுத்தலாம். இடையிடையே நட்டுவனார் ஜதிக்கோவைகளைச் சொல்ல, அபிநயம் நின்று கால் வேலை தொடங்கும். முகமும் காலும் இப்படி மாறி மாறி வருவதால்தான் வர்ணம் ஆடுபவருக்குக் கடினமான சோதனையாகிறது. ஜதி முடிந்து வரிக்குத் திரும்பும்போது மூச்சிரைப்பு முகத்தில் தெரிந்தால் பாவம் கலைந்துவிடும்.

பதத்தில் ஜதிகள் விலகிவிடுகின்றன. நடை மெதுவாகிறது. ஆடுபவர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கிறார். பாலசரஸ்வதி இதை, விளக்குகளின் வரிசையும் முழவொலியும் ஓய்ந்து மந்திரம் மட்டும் கேட்கும் நேரத்தோடு ஒப்பிட்டார். தில்லானாவில் தாளம் மீண்டும் எழுகிறது. ஆரத்தியின்போது எல்லா மணிகளும் ஒலிப்பது போன்றது அது.

மொழி தெரியாத அவை

1961-ல் டோக்கியோவிலும், 1962-ல் அமெரிக்காவிலும், 1963-ல் எடின்பரோ விழாவிலும் பாலசரஸ்வதி ஆடினார். அங்கே அவையினருக்குப் பாடலின் மொழியும் தெரியாது, கதையும் தெரியாது. அவர் ஆடியவற்றுள் பெயர்பெற்றது ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்ற கன்னடப் பாடல். அவரைப் பற்றி சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் அதை அவர் கடற்கரையில் ஆடுகிறார்.

இதற்குத் தேவையான அறிமுகம் ஒரே வாக்கியம்: குழந்தைக் கிருஷ்ணனை விரைந்து வா என்று அழைப்பது பாட்டின் பொருள். அதன் பிறகு ‘வா’ என்ற ஒரே செய்தி எத்தனை விதமாக மாறுகிறது என்பதை அவை தானே பார்த்துக்கொள்ளும். முத்திரைகளின் பட்டியல் இங்கே உதவாது. அபிநய தர்ப்பணம் பதாகக் கை ஒன்றுக்கே மேகம், காடு, ஆறு எனப் பல பயன்களைத் தருகிறது. அவற்றுள் எது இப்போதைய பொருள் என்பதைப் பாட்டும் கண்ணும் முகமுமே தீர்மானிக்கின்றன. ஒற்றைக்கை முத்திரைகள் அனைத்தையும் முன்கூட்டியே காட்டும் அறிமுகம், பார்வையாளரைக் கையையே பார்க்க வைத்து முகத்தைத் தவறவிடச் செய்கிறது. கதை முழுவதையும் முன்னே சொல்லிவிடும் அறிமுகமும் அப்படியே. வர்ணத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட, ஒரே வரி எப்படி மாறுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

ஒப்புமையின் உட்பொருளும் எல்லையும்

கோயில் ஒப்புமை பக்தியை முன்னிறுத்துவது போலத் தோன்றினாலும், அதன் அமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. ஆபாசம் என்று சிலர் ஒதுக்க விரும்பிய பதங்களைத்தான் பாலசரஸ்வதி கருவறையில் வைத்தார். சிருங்காரத்தை நீக்கிவிட்டுக் கோயிலை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் பொருள். சிருங்காரமே நடனத்தில் தலையாய உணர்ச்சி, அதைத் தூய்மைப்படுத்த வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை என்று அவர் அவ்வுரையிலேயே வாதிட்டார்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. சதிர் கோயிலில் மட்டும் வாழவில்லை. அரசவையிலும் செல்வர் வீடுகளிலும் அது ஆடப்பட்டது. வர்ணங்களுள் சில சரபோஜி போன்ற மன்னர்களையே நாயகனாகக் கொண்டவை. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் உள்ள 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சேதுபதி ஆடல் பாடலைக் கண்டுகளிக்கும் காட்சியும் உண்டு. கோயிலை மட்டும் சொல்லும் அறிமுகம் இந்தப் பகுதியையும், அங்கே ஆடிய பெண்களையும் மறைத்துவிடக்கூடும்.

நேரம் குறைந்த பொதுவிழாக்களில் இன்று தில்லானா மட்டுமோ, அலாரிப்பும் ஒரு கீர்த்தனையும் மட்டுமோ ஆடப்படுவதுண்டு. பாலசரஸ்வதியின் கணக்கில் தில்லானா மட்டும் பார்ப்பது, கோயிலுக்குள் நடக்காமல் கற்பூரச் சுடரை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும். நேரம் குறைவானால் எதைக் குறைப்பது என்ற கேள்விக்கும் அவரது வரிசையில் விடை இருக்கிறது. படிகளைச் சுருக்கலாம், ஆனால் கருவறை வரை செல்ல வேண்டும். ஒரு சிறிய அலாரிப்பும் ஒரு முழுப் பதமும் இருந்தால்கூட, வெளியிலிருந்து உள்ளே செல்லும் அந்த நடையைப் புதிய பார்வையாளர் உணர முடியும்.