ஹியூம்-ராதரி விதிகள்

ஓர் உலோகத்தின் படிக அணிக்கோவையில், அதன் அணுக்களை அகற்றிவிட்டு வேற்று அணுக்கள் அதே இடங்களில் அமர்வதைப் பதிலீட்டுத் திண்மக் கரைசல் என்கிறோம். எந்த உலோகம் எதில் எவ்வளவு கரையும் என்பதற்கு முதன்முதலாக வழிகாட்டும் விதிகளைத் தந்தவர் ஆக்ஸ்போர்டின் வில்லியம் ஹியூம்-ராதரி (1899–1968). ராணுவப் பயிற்சியில் இருந்த அவர், 1917-இல் மூளை உறைக் காய்ச்சலால் செவித்திறனை முற்றிலும் இழந்து வேதியியலுக்கு வந்தவர். செம்பிலும் வெள்ளியிலும் பிற தனிமங்கள் கரையும் எல்லைகளை அவரும் அவருடைய உடனாய்வாளர்களும் அளந்து 1934-இல் வெளியிட்டனர். இரண்டு அணுக்களின் விட்டங்களும் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் கரைதிறன் சுருங்கிவிடும் என்பது அதில் தலையாய முடிவு. எலக்ட்ரான்கவர் தன்மை மிகவும் வேறுபட்டால் அணுக்கள் கரையாமல் சேர்மமாகிவிடும் என்பதும், இணைதிறன் கூடக்கூடக் கரையும் அளவு குறையும் என்பதும் மற்றவை. முழு அளவில் கரைய வேண்டுமானால் இரண்டின் படிக அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவற்றை விதி என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். வெள்ளியும் செம்பும் ஒரே படிக அமைப்பும் ஒரே இணைதிறனும் உடையவை. விட்ட வேறுபாடு 13 விழுக்காடு. ஆனாலும் 779 டிகிரி செல்சியஸில்கூடச் செம்பு ஏறத்தாழ 8 எடை விழுக்காடு வெள்ளியைத்தான் ஏற்கிறது. ஏறக்குறைய அதே வேறுபாடுள்ள தங்கமோ, சூடான நிலையில் செம்போடு எந்த விகிதத்திலும் கலக்கிறது. தங்க அணுவும் செம்பு அணுவும் ஒன்றையொன்று விரும்புகின்றன, வெள்ளியும் செம்பும் அப்படியல்ல என்பதே காரணம். ஆகவே அளவு விதியைத் தடை விதியாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது யார் நுழையக்கூடாது என்று சொல்லும். நுழைபவர் நிலைப்பார் என்று உறுதி தராது. இணைதிறன் விதியின் கதை இன்னும் விசித்திரமானது. ஓர் அணுவுக்குச் சராசரியாக 1.4 எலக்ட்ரான் ஆகும்போது செம்பின் அமைப்பு தாங்காது என்று கொண்டால், 2 எலக்ட்ரான் தரும் துத்தநாகம் 40 அணு விழுக்காடும், 3 தரும் அலுமினியம் 20 விழுக்காடும் கரைய வேண்டும். அளந்து பார்த்தால் 38, 19.6 என்று வருகிறது. இதற்கு ஹாரி ஜோன்ஸ் 1934-இல் தந்த எலக்ட்ரான் விளக்கத்தின் எளிய வடிவம், 1957-இல் பிப்பர்டு தூய செம்பின் ஃபெர்மி பரப்பை அளந்தபோது ஆட்டம் கண்டது. 1.4 என்ற எண் மட்டும் அசையாமல் நின்றது.

கரைவதைத் தடுக்கும் அந்த அளவுப் பொருத்தமின்மைதான் உலோகத்துக்கு வலுவும் தருகிறது. உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் மொத்தமாக நழுவுவதில்லை; இடப்பிறழ்வு என்னும் கோட்டு வடிவக் குறை ஒன்று அணிக்கோவையூடே நகர்கிறது. 1934-இல் டெய்லர், ஒரோவன், போலான்யி ஆகியோர் இதைத் தனித்தனியே முன்வைத்தனர். பெரிய அணு ஒன்று தன்னைச் சுற்றி அணிக்கோவையை நெருக்கித் திரிக்கிறது. அந்தத் திரிபில் கோடு சிக்கி, கூடுதல் தகைவு கொடுத்தால்தான் விடுபடுகிறது. எக்ஸ்-கதிர் அளவீட்டில் தூய செம்பின் அலகுக் கூட்டின் விளிம்பு 3.615 ஆங்ஸ்ட்ராம். துத்தநாகம் எல்லைவரை கரைந்தால் அது 3.70-ஐ நெருங்குகிறது. வெள்ளீயமும் செம்பை அதே அளவுக்கு நீட்டுகிறது. ஆனால் வெறும் 9 அணு விழுக்காட்டில். அதாவது ஒரு வெள்ளீய அணு, ஒரு துத்தநாக அணுவைப் போல நான்கு மடங்குக்கு மேல் திரிக்கிறது. வலுவூட்டம் செறிவின் 2/3 அடுக்கோடும் திரிபின் 4/3 அடுக்கோடும் கூடுகிறது என்று 1970-இல் லபுஷ் காட்டினார். அதன்படி அளவுத் திரிபை மட்டும் கணக்கிட்டால், தத்தம் எல்லையில் வெள்ளீயம் தரும் வலு துத்தநாகத்தினுடையதைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு. பித்தளையைவிட வெண்கலத்தில் மிகக் குறைவான கலப்பே போதும் என்பதற்கு இதுவே காரணம்.

அளவு மட்டும் போதாது, கரைந்த அணுவைச் சுற்றி மாறும் விறைப்பும் சேரும் என்று மறுப்பவர் சொல்வது சரி. 1963-இல் ஃப்ளைஷர் அதையும் கணக்கில் சேர்த்தார். அதனால் மேலே சொன்ன 3 மடங்கு தோராயமே, வரிசை மாறுவதில்லை. திரிபைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்ற கேள்விக்கு ஈயம் பதில் சொல்கிறது. அதன் அணு செம்பைவிட 37 விழுக்காடு பெரியது. அதனால் கரையவே கரையாமல் தனித் துளிகளாக நிற்கிறது. கடைசலுக்கு வசதி, வலுவுக்கு ஒன்றுமில்லை.

கரைதிறன் எல்லை சமநிலைக்கு உரியது என்பதையும் மறக்கக்கூடாது. 10 எடை விழுக்காடு வெள்ளீயம் உள்ள வெண்கலம் எல்லையான 15.8-க்கு உட்பட்டதுதான். ஆனால் வார்ப்பில் முதலில் உறையும் பகுதிக்கு வெள்ளீயம் குறைவாகவும், கடைசியில் உறையும் திரவத்துக்கு மிகுதியாகவும் போய்ச் சேர்கிறது. அங்கே நீலச் சாயல் கொண்ட வெளிறிய டெல்டா கட்டம் நுண்ணோக்கியில் தெரியும். அது கடினமானது, உடையக்கூடியது; தட்டினால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஏறத்தாழ 700 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் அணுக்கள் பரவி, டெல்டா கரைந்து மறைகிறது. அதன்பிறகே அந்த வெண்கலத்தை உடையாமல் உருட்டவோ அடித்து நீட்டவோ முடியும்.