49 கட்டங்களின் சிவப்பு

அது பிறந்தபோது அதற்கு நிறம் கிடையாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் தூவியதுபோல இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் புள்ளிகள் கூடி ஒரு நாயின் உருவம் தெரியும். நியூரல் நெட்வொர்க் ஒரு படத்தில் எங்கே பார்த்தது என்று காட்ட, இன்று அதன் மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் படரும் ஹீட்மேப்பின் மூத்த வடிவங்களில் ஒன்று அது. 2013 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கரேன் சிமோன்யன், ஆண்ட்ரியா வெடால்டி, ஆண்ட்ரூ ஜிஸ்ஸர்மன் மூவரும் அதை வெளியிட்டார்கள். சேலியன்சி மேப் என்று பெயர்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. படத்தைப் பார்த்த நெட்வொர்க் ‘நாய்’ என்ற வகைக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. படத்திலுள்ள ஒரு பிக்சலை இம்மியளவு மாற்றினால் அந்த மதிப்பெண் எவ்வளவு அசையும்? ஒவ்வொரு பிக்சலாக மாற்றிப் பார்க்கத் தேவையில்லை. நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும்போது, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு உள்ளிருக்கும் எடைகளைத் திருத்துகிறோம் அல்லவா, அதே கணக்கைப் படம் வரைக்கும் கொண்டுபோனால் எல்லாப் பிக்சல்களுக்கும் ஒரே ஓட்டத்தில் விடை வந்துவிடும். அதிகம் அசைப்பவை வெள்ளை, அசைக்காதவை கறுப்பு.

ஆனால் அசைவும் பங்களிப்பும் ஒன்றல்ல. ஒரு பகுதியை வைத்தே நெட்வொர்க் முழு உறுதிக்கு வந்துவிட்டால், அங்கே இம்மியளவு மாற்றுவதால் மதிப்பெண் நகராமல் போகலாம். முடிவைத் தாங்கி நிற்கும் இடமே மங்கலாகத் தெரியக்கூடும்.

அடுத்த இருப்பிடம் எம்.ஐ.டி. 2015 இறுதியில் வெளியாகி, 2016இல் மாநாட்டில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் போலெய் சோவும் சக ஆய்வாளர்களும் பிக்சல்களை விட்டுவிட்டு நெட்வொர்க்கின் கடைசி அடுக்குகளுக்குப் போனார்கள். அங்கே நூற்றுக்கணக்கான சிறிய கட்டப்படங்கள் இருக்கும். ஒன்று காது போன்ற வடிவுக்கு விழிக்கலாம், இன்னொன்று புல்லுக்கு. ‘நாய்’ என்ற முடிவுக்கு எந்தக் கட்டப்படத்துக்கு எவ்வளவு எடை என்பது நெட்வொர்க்கிலேயே எழுதியிருக்கிறது. அந்த எடைகளால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே வரைபடம் கிடைக்கும். இதுதான் கிளாஸ் ஆக்டிவேஷன் மேப். இதற்கு நெட்வொர்க் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ராம்பிரசாத் செல்வராஜூ குழுவினர் 2016இல் முன்வைத்த கிராட்-கேம் அதை நீக்கியது. எடையை முன்சொன்ன பின்னோக்கிய கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டதால், ஏற்கெனவே பயிற்றுவித்து வைத்த நெட்வொர்க்கை மாற்றாமல் பயன்படுத்த முடிந்தது.

நிறமும் மென்மையும் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தன. பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். 224-க்கு 224 பிக்சல் கொண்ட படத்தை ரெஸ்நெட், டென்ஸ்நெட் போன்ற நெட்வொர்க்குகளில் செலுத்தினால் கடைசி அடுக்கில் மிஞ்சுவது 7-க்கு 7, அதாவது 49 கட்டங்கள். ஹீட்மேப்பில் இருக்கும் உண்மையான தகவல் அந்த 49 எண்கள் மட்டுமே. ஒவ்வொரு எண்ணும் 32-க்கு 32 பிக்சல் பரப்பின் மேல் விரிக்கப்படுகிறது. சிவப்பு மெல்ல மஞ்சளாகி நீலத்தில் கரையும் அந்த அழகான விளிம்பு, இடைவெளியை நிரப்பும் கணக்கு வரைந்தது. நெட்வொர்க் அறிந்த எல்லை அல்ல. நுரையீரலில் உள்ள சிறு கட்டியின் ஓரத்தை அதில் தேடுவது வீண். மேலும், ஒவ்வொரு படத்திலும் மிகப்பெரிய எண் எதுவோ அதற்குச் சிவப்பு தரப்படுகிறது. அரைகுறை நம்பிக்கையில் சொன்ன முடிவும் உறுதியாகச் சொன்ன முடிவும் ஒரே சிவப்பில் தெரியும். மதிப்பெண்ணைப் பக்கத்தில் அச்சிடாத ஹீட்மேப்பை நான் நம்புவதில்லை.

இந்தச் சிவப்பு தன் பயனை மெய்ப்பித்த இடம் மருத்துவம். 2018இல் ஜான் செக்கும் சக ஆய்வாளர்களும் மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் நெட்வொர்க்குகளைச் சோதித்தார்கள். படங்கள் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை, இண்டியானா ஆகிய மூன்று இடங்களிலிருந்து வந்தவை. மவுண்ட் சினாய் படங்களில் 34.2 சதவீதம் நிமோனியா. தேசிய சுகாதாரக் கழகத்தின் படங்களில் 1.2 சதவீதம்தான். இவ்விரண்டையும் கலந்து பயிற்றுவித்த நெட்வொர்க், அவற்றின் புதிய படங்களில் 0.931 மதிப்பெண் பெற்றது. இந்த அளவுகோலில் 1 என்பது பிழையின்மை, 0.5 என்பது குருட்டு ஊகம். இண்டியானா படங்களைக் கொடுத்ததும் அது 0.815 ஆகச் சரிந்தது.

காரணம் தேட, எக்ஸ்ரே எந்த மருத்துவமனையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்ல ஒரு நெட்வொர்க்கைப் பயிற்றுவித்தார்கள். ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் சரியாகச் சொன்னது. அதன் ஹீட்மேப்களில் படத்தின் மூலைகள் ஒளிர்ந்தன. இடம், வலம் குறிக்க எக்ஸ்ரே எடுப்பவர் வைக்கும் உலோக எழுத்து அங்கேதான் விழும்; அதன் வடிவமும் இடமும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். எங்கிருந்து வந்த படம் என்று தெரிந்தாலே நோயின் வாய்ப்பை ஊகித்துவிடலாம். நுரையீரலையே பார்க்காமல், மருத்துவமனையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினாலும் 0.861 கிடைத்தது.

அதே ஆய்வுதான் ஹீட்மேப்பின் எல்லையையும் காட்டுகிறது. மருத்துவமனையின் அடையாளம் மூலையில் மட்டும் இல்லை. படத்தின் மற்றப் பகுதிகளிலும் பரவலாக இருந்தது. உச்சத்தைச் சிவப்பாக்கும் வரைபடத்தில் மூலைதான் கண்ணில் படும். எங்கும் மெல்லியதாகப் படர்ந்திருப்பது நீலத்தில் ஒளிந்துகொள்ளும்.

அதே ஆண்டு ஜூலியஸ் அடெபாயோவும் சக ஆய்வாளர்களும் ஹீட்மேப் குடும்பத்துக்கே ஒரு சோதனை வைத்தார்கள். பயிற்சி பெற்ற நெட்வொர்க்கின் எடைகளை அடுக்கடுக்காக அழித்து, தற்செயல் எண்களால் நிரப்பினார்கள். கற்றது எல்லாம் போன பிறகு அதன் விளக்கமும் குலைய வேண்டும். பின்னோக்கிய கணக்கை அப்படியே காட்டும் பழைய முறையும் கிராட்-கேமும் குலைந்தன, தேறிவிட்டன. பார்க்க மிகத் தெளிவாக இருந்ததால் பலரும் விரும்பிய கைடட் பேக்ப்ராப் என்ற முறையோ பெரிதாக மாறவே இல்லை. எதுவும் அறியாத நெட்வொர்க்குக்கும் அதே பறவையை அதே கூர்மையோடு வரைந்தது. அது காட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் படத்தின் விளிம்புகளை. நெட்வொர்க்கின் யோசனையை அல்ல. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான முடிவு இதுதான். நம் கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிவதை விளக்கத்தின் தரம் என்று ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தேறிய முறைகளுக்கும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சிந்தியா ரூடின் 2019இல் எழுதிய கட்டுரையில் ஒரு ஹஸ்கி நாயின் படம் வருகிறது. அது ஏன் ஹஸ்கி என்பதற்கான வரைபடமும், அதே படம் ஏன் புல்லாங்குழல் என்பதற்கான வரைபடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே பார்த்தது என்பது தெரிந்துவிட்டது. அங்கே எதைக் கண்டது என்பது தெரியவில்லை. அதனால் வென்ற வகைக்கு மட்டுமல்லாமல், தோற்ற வகைக்கும் ஒரு ஹீட்மேப் எடுத்துப் பக்கத்தில் வைப்பது நல்ல வழக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் முதலாவது நமக்கு எதையும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே மூலையில் சிவப்பைக் கண்டவர் அடுத்துச் செய்ய வேண்டியது படத்தையே மாற்றுவது. உலோக எழுத்தை மறைத்து மதிப்பெண்ணை மறுபடி பார்க்கலாம். ஆனால் சாம்பல் சதுரத்தால் மறைத்தால், நெட்வொர்க் இதுவரை காணாத ஒரு பொருளை நாமே உள்ளே வைத்தவர்களாகிறோம். மதிப்பெண் விழுந்தால் எதனால் விழுந்தது என்று தெரியாது. அதைவிட, ஒரு மருத்துவமனையின் எழுத்தை வெட்டி இன்னொன்றின் படத்தில் ஒட்டிப் பார்ப்பது மேல். நிமோனியா மதிப்பெண் ஒட்டிய எழுத்தோடு கூடவே ஏறினால் சந்தேகம் உறுதி. ஏறாவிட்டால், எழுத்து மட்டும் காரணமில்லை. நீலப் பகுதிகளையும் அதேபோல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.