பின்னிரவு நாற்காலி – 7
பெயர் இங்கே, ஆள் அங்கே

ஜானி கார்சன் விட்டுச்சென்ற ‘டுநைட் ஷோ’ நாற்காலி 1992-ல் ஜே லெனோவுக்குப் போனது. பத்தாண்டுகளுக்கு மேலாக நள்ளிரவு 12.30-க்கு ‘லேட் நைட்’ நடத்தி, கல்லூரிப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்த டேவிட் லெட்டர்மன், அந்த நாற்காலி தனக்குக் கிடைக்காததால் போட்டி நிறுவனமான சி.பி.எஸ்.ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 40 லட்சம் டாலர் என்று பேச்சு. அவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் என்.பி.சி. தன் வழக்கறிஞர்களை அழைத்தது என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

அவர்கள் சொன்னது இதுதான்: மனிதர் போகட்டும், நிகழ்ச்சியில் உருவானவை எல்லாம் நம் அறிவுசார் சொத்து. ‘லேட் நைட்’ என்ற பெயர், தினமும் அவர் வாசிக்கும் ‘முதல் பத்து’ பட்டியல், லாரி ‘பட்’ மெல்மன் என்ற கோமாளிக் கிழவர், பால் ஷாஃபரின் இசைக்குழுவின் பெயர் எல்லாமே அதில் அடக்கம்.

வழக்கு மூளவில்லை. லெட்டர்மன் தரப்பு பெயர்ப் பலகைகளை மட்டும் மாற்றியது. ‘லேட் நைட்’ என்பது ‘லேட் ஷோ’ ஆயிற்று. உலகிலேயே ஆபத்தான இசைக்குழு எனப் பேர்வாங்கியிருந்த குழு ‘சி.பி.எஸ். ஆர்கெஸ்ட்ரா’ ஆனது. மெல்மனாக நடித்த கால்வர்ட் டிஃபாரஸ்ட் சொந்தப் பெயரிலேயே மேடை ஏறினார். பெற்றோர் வைத்த பெயரை எந்த நிறுவனம் உரிமை கோர முடியும்? ‘முதல் பத்து’ ‘லேட் ஷோ முதல் பத்து’ என்று தொடர்ந்தது. பத்து வேடிக்கைகளை வரிசையாக வாசிக்கும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதப்பட்ட பட்டியலுக்குத்தான் உண்டு. அந்த வழக்கறிஞர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

1993 ஆகஸ்ட் 30. பிராட்வேயின் எட் சல்லிவன் அரங்கில் முதல் நாள். லெட்டர்மன் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் ஒருவர் நடந்து வந்தார். என்.பி.சி.யின் இரவுச் செய்தி வாசிப்பாளர் டாம் புரோகாவேதான்! நகைச்சுவை எழுதிய அட்டைகள் இரண்டை எடுத்துக்கொண்டு, இவை என்.பி.சி.யின் அறிவுசார் சொத்து என்று அறிவித்துவிட்டுப் போனார். அரங்கம் அதிர்ந்தது. வழக்கறிஞர்களின் அந்த உரிமைக் கோரிக்கையே அன்றைய இரவின் சிறந்த நகைச்சுவையாகிவிட்டது. உரிமை கோருவதால் விளம்பரம் யாருக்கு என்பதை என்.பி.சி. கணக்கிடவில்லை என்பது என் கட்சி.

ஆனால் என்.பி.சி. முட்டாள் அல்ல. சொத்துப் பட்டியலில் உண்மையிலேயே கைக்குள் நின்றது ஒன்று உண்டு: ‘லேட் நைட்’ என்ற பெயரும் அந்த 12.30 மணியும். ஆள் போனபின்னும் இடம் காலியாகாதபடி அந்தப் பெயரில் உடனே வேறொருவரை உட்காரவைத்தால், ரசிகர்களில் ஒரு பங்காவது பழக்கத்தில் அங்கேயே தங்குவார்கள் அல்லவா?

அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவர் 30 வயதுக்காரர். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடருக்கு எழுதியவர். பின்னிரவு நிகழ்ச்சி நடத்தி அறியாதவர். பெயர் கோனன் ஓ’பிரையன். 1993 செப்டம்பர் 13 அன்று கேமரா அவர்மீது திரும்பியது. விமர்சகர்கள் கத்தியைத் தீட்டிக் காத்திருந்தார்கள்.

பெயர் அவரைக் காப்பாற்றியதா? அடுத்த வாரம் பார்ப்போம்.